வாஷிங் மெஷினில் ஷாக்: எர்த், எம்சிபி, ஃபேஸ் மூன்றையும் எலக்ட்ரீஷியன் ஒரே மூச்சில் சொல்கிறார். எதை நம்புவது?

தஞ்சை_வடக்குவீதி:
வணக்கம். அப்பா 2003-ல் கட்டிய வீடு, சிங்கிள் ஃபேஸ். பாத்ரூமை ஒட்டிய இடத்தில் ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் வைத்திருக்கிறோம். வெறுங்காலோடு நின்று மெஷினின் இரும்புப் பகுதியைத் தொட்டால் சுரீரென்று இருக்கிறது. தூக்கி எறிகிற அளவுக்கு இல்லை, எறும்பு ஊர்கிற மாதிரி. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது.

இன்னொரு தொல்லை. மெஷின் ஓடும்போது கீசரும் ஓடினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் எம்சிபி விழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபிதான்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மூன்று விஷயம் சொன்னார். "எர்த் வரல சார், நியூட்ரல்ல இருந்து ஒரு லூப் அடிச்சு விட்டா சரியாயிடும்." "எம்சிபி வீக்காயிடுச்சு, 32 போட்டுடலாம்." "பிளக்குல ஃபேஸ் மாறியிருக்கு." நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அதற்குள் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

மெக்கானிக்கல்_ரவி:
பயப்பட ஒன்றும் இல்லை. எம்சிபி இருக்கிறது அல்லவா, நிஜமாகக் கரண்ட் பாடியில் இறங்கினால் அதுவே விழுந்துவிடும். அதற்காகத்தானே ஃபியூஸ் கேரியரை எடுத்துவிட்டு எம்சிபி போட்டார்கள்? உங்கள் எர்த் குழி காய்ந்திருக்கும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கல்லுப்பு போடுங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு சித்திரையிலும் ஊற்றுவோம்.

சித்ரா_பீளமேடு:
ஃபேஸ் மாறியிருக்கு என்றால் சுவிட்சைத் திருப்பி வேறு ஃபேஸில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? எங்கள் வீட்டில் மீட்டர் பக்கத்திலேயே அந்தத் திருகு சுவிட்ச் இருக்கிறது. ஒரு ஃபேஸ் போய்விட்டால் அடுத்ததற்கு மாற்றிவிடுவோம். ஆனால் போன மாதம் விசித்திரமாக ஒன்று நடந்தது. ஹாலில் பல்பு எல்லாம் பளீரென்று எரிந்தது, சமையலறையில் மங்கிப் போனது, டிவியின் செட்டாப் பாக்ஸ் அடாப்டர் புகைந்துவிட்டது. ஃபேஸை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. அதுவும் எர்த் பிரச்சனையா?

பேனல்போர்டு_பாண்டி:
மதுரையில் வீட்டு ஒயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒவ்வொன்றாக வருகிறேன்.

தஞ்சைக்காரர் முதலில் ஒன்று செய்யுங்கள். நியூட்ரலில் இருந்து லூப் அடிக்கிற வேலையை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள். அவர் செய்யப் போவது, பிளக்கின் மேல் ஓட்டையை, அதாவது எர்த் ஓட்டையை, நியூட்ரல் ஓட்டையோடு ஒரு துண்டு ஒயரால் சேர்ப்பது. அன்றைக்குச் சுரீர் நின்றுவிடும், நீங்களும் பணம் கொடுப்பீர்கள். பிறகு எப்போதாவது அந்த நியூட்ரல் ஒயர் போர்டில் லூஸ் ஆனால், ஃபேஸ் கரண்ட் மெஷினின் உள்ளே போய், நியூட்ரல் வழியாகத் திரும்ப முடியாமல், அந்தத் துண்டு ஒயரைப் பிடித்து மெஷினின் பாடிக்கு வந்து நிற்கும். அப்போது எறும்பு ஊராது, முழு 230 வோல்ட்.

அவரே "ஃபேஸ் மாறியிருக்கு" என்றும் சொல்கிறார், கவனித்தீர்களா? நியூட்ரல் என்று நினைத்து அவர் லூப் அடிக்கிற ஓட்டையில் ஃபேஸ் இருந்தால், சுவிட்ச் போட்ட நொடியே மெஷின் முழுவதும் ஃபேஸ். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொன்னதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது.

இப்போது அந்தச் சுரீர். ரவி சார் நினைக்கிற மாதிரி இன்சுலேஷன் கிழிந்து கரண்ட் பாடியில் இறங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. இந்தக் காலத்து மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்று. எர்த் இருந்தால் அந்தத் துளி கரண்ட் எர்த்தில் போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. எர்த் இல்லையென்றால் பாடி இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் தொங்கும். மெஷின் நன்றாக இருந்தாலும் இப்படித்தான் சுரீர் என்னும். உங்கள் டெஸ்டர் மங்கலாக எரிவதும் இதனால் இருக்கலாம். ஆனால் இதுதான் காரணம் என்று அளக்காமல் முடிவு கட்டாதீர்கள். ஹீட்டர் காயில் ஓட்டை விழுந்தாலும் தொடக்கத்தில் இதே சுரீர்தான் வரும்.

அவரிடம் மல்டிமீட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். மெஷினை அதன் சொந்த பிளக்கிலேயே செருகி வைத்துவிட்டு, அதே போர்டில் ஃபேஸ் - நியூட்ரல், ஃபேஸ் - எர்த், நியூட்ரல் - எர்த் மூன்றையும் அளக்க வேண்டும். எர்த் ஒழுங்காக இருந்தால் முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும், மூன்றாவது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கும். அப்புறம் சமையலறை பவர் பிளக்கிலும் இதே மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு குழியிலா, பாத்ரூமுக்கு வரும் ஒயரிலா என்பது அதில் தெரிந்துவிடும்.

சித்ராம்மா, உங்களுடையது வேறு கதை. உங்களுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு, அதில் எந்த ஃபேஸ் என்பதை அந்தத் திருகு சுவிட்ச் மாற்றும். இவருடைய வீட்டுக்கு வருவதே ஒரு ஃபேஸ்தான். அந்த ஃபேஸ் ஒயரும் நியூட்ரல் ஒயரும் பிளக்கில் இடம் மாறிவிட்டன என்கிறார் எலக்ட்ரீஷியன். உங்கள் வீட்டில் ஒரு பக்கம் பளீர், ஒரு பக்கம் மங்கல் என்பது ஃபேஸ் போனது இல்லை, நியூட்ரல் விட்டுப்போனது. நியூட்ரல் இல்லையென்றால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டை உங்கள் வீட்டுச் சாமான்களே பங்குபோட்டுக்கொள்ளும். லோடு குறைவாக இருக்கிற பக்கம் அதிக வோல்ட் ஏறும், அடாப்டர் புகையும். அந்த நேரத்தில் ஃபேஸை மாற்றிப் பார்க்காதீர்கள். மெயினை இறக்கிவிட்டு மின்னகத்துக்குப் போன் செய்யுங்கள்.

ஓய்வு_ஈபி:
பாண்டி சொன்னதோடு ஒன்று. அந்த நியூட்ரல் பெரும்பாலும் போஸ்டில்தான் விடும், அல்லது மீட்டருக்கு வரும் முனையில் துருப்பிடித்திருக்கும். வீட்டுக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈபி பக்கத்தை நீங்களே ஏறித் தொடவும் வேண்டாம்.

மெக்கானிக்கல்_ரவி:
கெப்பாசிட்டர் எல்லாம் சரி. ஆனால் நிஜமாகவே ஃபேஸ் பாடியில் பட்டால் எம்சிபி விழும் என்பதில் என்ன தவறு? எர்த் வழியாகக் கரண்ட் பாயும், பாய்ந்தால் ட்ரிப். இதைத்தானே படித்தோம்?

பேனல்போர்டு_பாண்டி:
எவ்வளவு பாயும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் அளந்துகொண்டு வரட்டும், அவர் வீட்டுக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

தஞ்சை_வடக்குவீதி:
ஞாயிறு வேலை நடந்தது. லூப் வேண்டாம் என்றதும் அவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. ஆனால் மீட்டர் கொண்டுவந்திருந்தார்.

பாத்ரூம் பிளக்கில் ஃபேஸ் - நியூட்ரல் 228, ஃபேஸ் - எர்த் 115, நியூட்ரல் - எர்த் 110. சமையலறையில் 228, 227, 2.

போர்டைக் கழற்றினால், மேல் ஓட்டைக்கு ஒயரே வரவில்லை. பாத்ரூமை இழுத்துக் கட்டியபோது ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்திருக்கிறார்கள். ரவி சார், குழியில் தண்ணீர் ஊற்றியிருந்தால் குழிதான் நனைந்திருக்கும்! எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸ் வரை பச்சை ஒயர் புதிதாக இழுத்துவிட்டார். இப்போது சுரீர் இல்லை.

ஃபேஸ் மாறியதைப் பற்றி: பிளக் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு டெஸ்டர் வைத்தோம், அப்போதும் ஒரு ஓட்டையில் எரிந்தது. அதைச் சரிசெய்துவிட்டார். மெஷின் முன்பும் ஓடியதே, இதனால் என்ன கெடுதல் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

தெரிந்த ஒருவர் எர்த் மெக்கர் வைத்திருந்தார். குழியை அளந்ததில் 12 ஓம் வந்தது. நல்லதா, கெட்டதா?

பேனல்போர்டு_பாண்டி:
அளவு எடுத்து எழுதியதற்கு நன்றி. இங்கே பலரும் "லைட்டா ஷாக் அடிக்குது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

ஃபேஸ் மாறினால் மெஷின் ஓடத்தான் செய்யும், அதற்கு இரண்டும் ஒன்றுதான். சுவிட்சுக்குத்தான் வித்தியாசம். ஆஃப் செய்தபோதும் டெஸ்டர் எரிந்தது என்றால், சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றுவிடும், ஆனால் உள்ளே ஃபேஸ் அப்படியே காத்திருக்கும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டோமே என்று மெஷினைக் கழற்றுகிற ஆள் மாட்டிக்கொள்வார். வெறுமனே பிளக்கின் இரண்டு ஓட்டை இடம் மாறியிருந்தால் இவ்வளவு மோசமில்லை, ஆஃப் செய்ததும் டெஸ்டர் அணைந்திருக்கும். எம்சிபியிலிருந்து வரும்போதே மாறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒயரை மட்டும் வெட்டுகிற சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலில் உட்கார்ந்திருந்தால் அதை இறக்கியும் பயன் இல்லை.

இப்போது ரவி சாரின் கேள்வி. 12 ஓம் என்பது நம் ஊர் வீட்டுக் குழிக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு ஹீட்டர் காயில் உடைந்து ஃபேஸ் நேராகப் பாடியில் பட்டுவிட்டது என்று வையுங்கள். ஈபி நமக்குத் தருவது பெரும்பாலும் ஃபேஸும் நியூட்ரலும்தான், எர்த் நம் குழி. கரண்ட் பாடி, பச்சை ஒயர், குழி, மண் என்று போய் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். மண்ணையும் அந்தப் பக்கத்து எர்த்தையும் விட்டுவிட்டு, 12 ஓமை மட்டும் வைத்துக்கொண்டாலும் 230-ஐ 12-ஆல் வகுத்தால் 19 ஆம்பியர். அவர் போர்டில் இருப்பது 16 ஆம்பியர் எம்சிபி, சி வகை என்று வைத்துக்கொள்வோம். அது சட்டென்று விழ 16-ஐப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் பாய வேண்டும். 19 ஆம்பியர் வந்தால் கொஞ்சம் லோடு கூடியிருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருக்கும். விழுந்தாலும் ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரை மெஷின் பாடியில் ஏறக்குறைய முழு வோல்ட்டேஜ் இருக்கும்.

நீங்கள் படித்தது எங்கே சரி என்றால், ஃபேஸ் நேராக நியூட்ரலில் பட்டால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும், எம்சிபி கண் இமைக்கும் முன் விழும். மண் வழியாக அந்த அளவு பாய எர்த் ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். எத்தனை குடம் தண்ணீர், எத்தனை படி உப்பு போட்டாலும் ஒரு வீட்டுக் குழியில் அதை நம்பி இருக்க முடியாது.

எம்சிபி ஒயரைக் காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற டிபியில் ஆர்சிசிபி வேண்டும், 30 மில்லி ஆம்பியர். ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பி வராமல் அவ்வளவு குறைந்தாலே விழுந்துவிடும். அதற்கு உங்கள் 12 ஓம் தாராளம்.

யாழ்_நிமலன்:
எங்கட பக்கம் இதை ட்ரிப் சுவிட்ச் என்றுதான் சொல்லுறது. யாழ்ப்பாணத்தில வீட்டுக்குக் கரண்ட் எடுக்கிறதெண்டால் அது இல்லாமல் கதையே இல்லை. ஒரு சந்தேகம். அதில "டி" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமத்தினால் விழுகுது. அப்ப எர்த்தும் சரி என்றுதானே அர்த்தம்?

பேனல்போர்டு_பாண்டி:
இல்லை தம்பி. அந்தப் பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டைக் குறுக்கே விட்டுப் பார்க்கிறது. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் அமுக்கினால் விழும். ட்ரிப் ஆகிற பாகம் சிக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். மாதம் ஒரு முறை அமுக்குவது நல்லது. எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி வேலை செய்யும்தான், ஆனால் கசிவு போக வழி இல்லாமல் காத்திருந்து, முதலில் தொடுகிற ஆள் வழியாகப் போகும்போதுதான் அது விழும். அடி ஒன்று வாங்கிய பிறகு காப்பாற்றும்.

ஓய்வு_ஈபி:
குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்து எர்த் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பல்பு பளீர் என்று எரிந்தால் எர்த் சூப்பர் என்பார்கள். 100 வாட் பல்புக்கு எரியும்போதே 500 ஓமுக்கு மேல் இருக்கும், எர்த் 50 ஓமாக இருந்தாலும் வெளிச்சத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதோடு, எர்த் ஒயர் குழிக்குப் போகிற வழியில் அறுந்திருந்தால், பல்பு வழியாக வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானின் பாடிக்கும் ஃபேஸ் ஏறும். ஃபிரிட்ஜைத் தொட்டுக்கொண்டு யாராவது நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தஞ்சை_வடக்குவீதி:
எம்சிபியை 32 ஆக்குவது பற்றி யாரும் சொல்லவில்லையே? அவர் இன்னமும் அதையே சொல்கிறார். கீசர் 3 கிலோவாட் இன்ஸ்டன்ட், மெஷினின் ஹீட்டர் 2 கிலோவாட்.

பேனல்போர்டு_பாண்டி:
3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர், 2 கிலோவாட் என்றால் 9-க்குக் கொஞ்சம் குறைவு. சேர்த்தால் 22 ஆம்பியர் கிட்டே. 16 எம்சிபி பத்து, பதினைந்து நிமிடம் பொறுத்துவிட்டு விழுகிறது. அது வீக் ஆகவில்லை, அதன் வேலையைச் சரியாகச் செய்கிறது. உள்ளே இருக்கிற தகடு சூடாகி வளைந்து விழுகிறது. அதனால்தான் விழுந்த உடனே தூக்கினால் சில சமயம் நிற்காது, கொஞ்சம் ஆற வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் "எம்சிபி போயிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது ஓடும்போது, எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்று சொல்லுங்கள். நேரம் எடுத்து விழுந்தால் லோடு. தூக்கின மாத்திரத்தில் படீரென்று விழுந்தால் ஷார்ட். எம்சிபி எல்லாம் நிற்க, ஆர்சிசிபி மட்டும் விழுந்தால் எங்கேயோ கசிவு. அவர் எங்கே முதலில் கை வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

32 போட்டால் விழாது, உண்மை. சுவருக்குள் என்ன ஒயர் போகிறது? அந்தப் பாத்ரூம் நீட்டலுக்கு ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்திருந்தால், 22 ஆம்பியரில் அது பைப்புக்குள் வெந்துகொண்டிருக்கும், 32 எம்சிபி பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டரை ஸ்கொயராக இருந்தாலும் 32 கூடாது. கீசருக்குத் தனியாக டிபியிலிருந்து இரண்டரை ஸ்கொயர் ஒயர், அதற்கென்று ஒரு 16 எம்சிபி. செலவு எம்சிபியில் இல்லை, சுவரை வெட்டுவதில் இருக்கிறது. அதனால்தான் 32 என்கிறார்.

மெக்கானிக்கல்_ரவி:
சுவரை வெட்டாமல் கேசிங் பட்டையில் மேலேயே கொண்டுபோகலாமே. 32 வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்சிசிபி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் அடுக்குமாடியில் எல்லார் வீட்டிலும் போட்டார்கள். மழைக்காலத்தில் காரணமே இல்லாமல் விழுகிறது. ஊருக்குப் போயிருந்தபோது விழுந்து ஃபிரிட்ஜில் இருந்தது எல்லாம் கெட்டுப்போனது. பாதிப் பேர் நேராக பைபாஸ் செய்துவிட்டார்கள்.

ஓய்வு_ஈபி:
மழைக்காலத்தில் விழுவதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. வெளிச்சுவர் விளக்கு, மொட்டைமாடி மோட்டார் ஒயர் இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சை_வடக்குவீதி:
கீசருக்குத் தனி ஒயர் கேசிங்கில் வந்துவிட்டது. பழைய ஒயர் ஒன்றரை ஸ்கொயர்தான், கழற்றும்போது முனையில் இன்சுலேஷன் பழுப்பு நிறமாகக் கருகியிருந்தது. ஆர்சிசிபியும் போட்டாயிற்று. ஆனால் ஈபி கரண்ட் இருக்கும்போதே, ஹால் விளக்கைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது. அந்த விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. மற்ற எல்லாம் நிற்கிறது. எலக்ட்ரீஷியன் "ஆர்சிசிபி பீஸ் கோளாறு, மாத்திடலாம்" என்கிறார்.

பேனல்போர்டு_பாண்டி:
பீஸ் கோளாறு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். இன்வெர்ட்டர் லைன் போட்டபோது ஃபேஸை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டு, நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு பொதுவாக விட்டிருப்பார்கள், அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஹால் விளக்கின் ஃபேஸ் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து இன்வெர்ட்டர் வழியாகப் போய், நியூட்ரல் மட்டும் ஆர்சிசிபி வழியாகத் திரும்பினால், அதற்குக் கணக்கு இடிக்கும். கசிவு என்று நினைத்து விழும். இன்வெர்ட்டருக்குப் போகிற ஒயர் டிபியில் எங்கிருந்து எடுத்திருக்கிறது, ஆர்சிசிபிக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வு_ஈபி:
எனக்கு இதில் பாண்டியோடு கொஞ்சம் வேறுபாடு. பழைய வீட்டில் நியூட்ரலைப் பிரிக்கப் புறப்பட்டால் எல்லா போர்டையும் கழற்ற வேண்டிவரும். மொத்த வீட்டுக்கும் ஒன்று போடுவதை விட, பாத்ரூம் லைனுக்கும் சமையலறை பவர் பிளக்குக்கும் மட்டும், எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ தனித்தனியாகப் போடலாம். ஃபிரிட்ஜும் தப்பிக்கும்.

பேனல்போர்டு_பாண்டி:
தப்பிக்கும், ஆனால் மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் இருக்கிற பிளக் விட்டுப்போகும். விலையும் ஒவ்வொன்றுக்கும் தனியாக வரும். முதலில் டிபியைத் திறந்து ஒரு போட்டோ போடுங்கள், மெயினை இறக்கிவிட்டு.

தஞ்சை_வடக்குவீதி:
மூடியைக் கழற்ற அவர்தான் வர வேண்டும், சனிக்கிழமை வருகிறேன் என்கிறார். அதுவரை ஹால் விளக்கு எரியாது. ஆர்சிசிபியை பைபாஸ் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.